நாலு லீ போதுமா?

படம் 6.1-ஐ முதலில் நிதானமாகப் பாருங்கள். கோவை வட்டாரத்தில் ஒரு நூற்பாலையின் தர ஆய்வுக்கூடம் அது. இடது ஓரத்தில் ராப் ரீல் நிற்கிறது, அதன் கம்பிகளில் ரிங் பாபின்கள் வரிசையாகச் செருகியிருக்கின்றன. நடுவில் கண்ணாடிக் கூண்டு வைத்த மின்னணுத் தராசு, அதன் தட்டில் சிறு வளையமாகச் சுற்றிய நூல். திரையில் 1.581 என்று காட்டுகிறது. வலது ஓரத்தில் விரித்துவைத்த பதிவேட்டின் இரண்டு வரிகள் படத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. ஒன்பதாம் பிரேமின் வரியில் 40.91 என்ற எண்ணைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ‘மறு’ என்று எழுதி, கீழே 40.32 என்று போட்டுச் ‘சரி’ என்று முடித்திருக்கிறார்கள். பதினான்காம் பிரேமின் வரியில் 40.77, ‘சரி’.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இரண்டு வரிகளைப் பற்றியதுதான். முதல்வகைப் பிழை, இரண்டாம்வகைப் பிழை, சோதனையின் திறன் மூன்றும் அதற்குள்ளேயே இருக்கின்றன. கணக்கு எளிதாக ஓடவேண்டும் என்பதற்காகச் சில அளவுகளை முழு எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன். முறை மாறாது.

ஆலைப் பக்கம் போகாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் 840 கெஜம் கொண்ட 40 சிட்டங்கள் சேர்ந்து ஒரு பவுண்டு எடை இருக்கும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஒவ்வொரு தடவையும் பவுண்டுக் கணக்கில் சுற்றிக்கொண்டிருக்க முடியாது. அதனால் சுற்றளவு ஒன்றரை கெஜமுள்ள ராப் ரீலில் 80 சுற்றுச் சுற்றி 120 கெஜம் எடுக்கிறார்கள். அதுதான் ஒரு லீ. லீயின் எடையைக் கிராமில் பார்த்து, 64.8-ஐ அதனால் வகுத்தால் கவுண்ட் வந்துவிடும். சரியான நாற்பதாம் நம்பர் நூலில் ஒரு லீ 1.62 கிராம் இருக்கவேண்டும். படத்தில் தராசிலிருக்கும் 1.581 கிராம் லீயின் கவுண்ட் 40.99.

பதினான்காம் பிரேமிலிருந்து நான்கு லீ எடுத்திருக்கிறார்கள். எடைகள் 1.581, 1.602, 1.569, 1.607. கவுண்டாக மாற்றினால் 40.99, 40.45, 41.30, 40.32. சராசரி 40.77. அந்த ஆலையின் விதி, நான்கு லீ சராசரி 39.2-க்கும் 40.8-க்கும் நடுவே இருந்தால் பிரேமைத் தொடக்கூடாது, வெளியே போனால் பிட்டரைக் கூப்பிட வேண்டும் என்பது. ஆய்வுக்கூடத்துப் பெண் கேட்டிருப்பார்: “நாப்பது புள்ளி ஏழு ஏழு வருதுங்க சார், லிமிட்டுக்குள்ளதான் இருக்கு. விட்டுறலாங்களா?” மேற்பார்வையாளர், “விடும்மா” என்றிருப்பார்.

படத்தில் தெரியாத ஒன்று உண்டு. அந்த நேரத்தில் பதினான்காம் பிரேம் உண்மையில் என்ன நம்பர் நூலைக் கொடுத்துக்கொண்டிருந்தது என்பதுதான் அது. அந்தப் பிரேமில் ஓடும் ஆயிரம் ஸ்பிண்டில்களின் நூல் முழுவதையும் சுற்றி எடைபோட்டால்தான் அது தெரியும். நம் கையிலிருப்பது 480 கெஜம். இந்த 480 கெஜத்தை வைத்து ‘தொடு’ அல்லது ‘தொடாதே’ என்று முடிவெடுக்கிறோம். பிழைகளுக்குக் கணக்குப் பார்ப்பது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

நாற்பது என்ற கோடு எங்கிருந்து ஆடுகிறது

பிரேம் துல்லியமாக நாற்பதிலேயே ஓடினாலும் ஒவ்வொரு லீயும் நாற்பதாக வராது. பஞ்சிலும் ஸ்லைவரிலும் ரோவிங்கிலும் உள்ள ஏற்ற இறக்கம் எல்லாம் நூலில் வந்து சேரும். இந்த ஆலையின் பழைய பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்ததில், பாபினுக்குப் பாபின் லீயின் கவுண்ட் ஆடும் திட்டவிலக்கம் 0.8 என்று வைத்துக்கொள்வோம். நாற்பதில் அது 2 சதவீதம்.

நான்கு லீயின் சராசரியை எடுக்கும்போது ஆட்டம் குறைகிறது. நான்கின் வர்க்கமூலம் இரண்டு, ஆகவே சராசரியின் திட்டப்பிழை 0.8-ல் பாதி, 0.4. ஆலையின் எல்லை நாற்பதிலிருந்து இருபக்கமும் 0.8. அதாவது இரண்டு திட்டப்பிழை.

பிரேம் நாற்பதில் ஓடுகிறது என்பதைத்தான் புள்ளியியலில் இன்மைக் கருதுகோள் என்பார்கள். மாற்றுச் சாட்சி வலுவாக வரும்வரை நாம் நம்பிக்கொண்டிருக்கும் நிலை அது. அது உண்மையாக இருக்கும்போதே, தற்செயலாக நான்கு மெல்லிய லீ ஒன்றுசேர்ந்து சராசரி 40.8-ஐத் தாண்டிவிடலாம். அல்லது நான்கு தடித்த லீ சேர்ந்து 39.2-க்குக் கீழே போகலாம். இரண்டையும் கூட்டினால் 4.6 சதவீத வாய்ப்பு. சரியாக ஓடும் பிரேமைத் தப்பு என்று சொல்லிவிடும் இந்தப் பிழைதான் முதல்வகைப் பிழை. அதன் வாய்ப்புக்கு ஆல்ஃபா என்று பெயர். பாடப்புத்தகங்கள் வழக்கமாகச் சொல்லும் 5 சதவீதமும் ஏறக்குறைய இதே இரண்டு திட்டப்பிழை எல்லைதான்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது. பிரேம் உண்மையிலேயே நாற்பதை விட்டு நகர்ந்துவிட்டது, ஆனால் எடுத்த நான்கு லீயின் சராசரி எல்லைக்குள் விழுந்துவிட்டது, ‘சரி’ என்று எழுதிவிட்டோம். இது இரண்டாம்வகைப் பிழை, அதன் வாய்ப்பு பீட்டா. நகர்ந்த பிரேமைச் சோதனை கையும் களவுமாகப் பிடிக்கும் வாய்ப்பு நூறிலிருந்து பீட்டாவைக் கழித்தால் மிஞ்சுவது. அதுவே சோதனையின் திறன்.

பிழைகளை இப்படி இரண்டாகப் பிரித்துக் கோட்பாடாக எழுதியவர்கள் யெர்சி நெய்மனும் ஈகான் பியர்சனும், 1928 முதல் 1933 வரை வெளிவந்த கட்டுரைகளில். அதே காலத்தில் பெல் டெலிபோன் ஆய்வுக்கூடத்தில் ஹரால்டு டாட்ஜும் ஹாரி ரோமிக்கும் சரக்குச் சோதனைக்கு உற்பத்தியாளர் இடர், நுகர்வோர் இடர் என்ற கணக்கை 1929-இல் வெளியிட்டார்கள். நல்ல சரக்கு தள்ளுபடியானால் நட்டம் தயாரித்தவருக்கு, கெட்ட சரக்கு தேறிவிட்டால் நட்டம் வாங்கியவருக்கு. என் அனுபவத்தில் ஆலைக்காரர்களுக்கு ஆல்ஃபா பீட்டாவைவிட இந்தப் பெயர்கள் சீக்கிரம் பிடிபடுகின்றன. யார் பாக்கெட்டிலிருந்து காசு போகிறது என்பது பெயரிலேயே தெரிகிறது.

எவ்வளவு நகர்ந்தால் நகர்ந்ததாக வைத்துக்கொள்வது?

திறன் எத்தனை சதவீதம் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எவ்வளவு நகர்வைப் பிடிக்கும் திறன் என்று கேட்கவேண்டும். பலர் தவறவிடுவது இந்தக் கேள்வியைத்தான்.

ஒரு பெரிய கோளாறை எடுத்துக்கொள்வோம். டிரா பிரேமில் எட்டு ஸ்லைவர் சேர்ந்து உள்ளே போகவேண்டும். ஒன்று அறுந்து, நிறுத்தும் கருவி வேலைசெய்யாமல், ஏழு ஸ்லைவரோடு ஓடிவிட்டது. எட்டில் ஒரு பங்கு சரக்குக் குறைவு. அந்த ஸ்லைவர் நூலாக வரும்போது நாற்பது 45.7 ஆகிவிடும். இதைப் பிடிக்க நான்கு லீ வேண்டாம், ஒரு லீயே போதும். அந்த நகர்வுக்கு எதிரே நம் சோதனையின் திறன் கிட்டத்தட்ட நூறு சதவீதம்.

மறுகோடியில், பிரேம் 40.1-இல் ஓடினால்? நான்கு லீ அதைப் பிடிக்கவே பிடிக்காது. பிடிக்கவேண்டிய தேவையும் இல்லை. ஏன் இல்லை என்பதற்குப் பதில் புள்ளியியலில் இல்லை, பல்சக்கரத்தில் இருக்கிறது.

ரிங் பிரேமில் கவுண்டை மாற்ற டிராஃப்ட் சேஞ்ச் பினியனை மாற்றுவார்கள். அதில் 50 பல் இருக்கிறது என்றால், ஒரு பல் கூட்டினாலோ குறைத்தாலோ கவுண்ட் 2 சதவீதம் நகரும். நாற்பதில் அது 0.8 கவுண்ட். அரைப்பல் என்று ஒன்று கிடையாது. 40.1-இல் ஓடும் பிரேமை ஒரு பல் மாற்றினால் 39.3-க்குப் போய் முன்பைவிட மோசமாகும். அதனால் அரைப்பல்லுக்குக் குறைந்த நகர்வைக் கண்டுபிடித்தும் பிரேமில் செய்ய ஒன்றுமில்லை. கண்டுபிடித்தே தீரவேண்டிய நகர்வு ஒரு பல், 0.8 கவுண்ட். திறனை அந்த நகர்வுக்கு எதிரேதான் அளக்கவேண்டும். வேறு தொழிலில் இருப்பவர்களும் முதலில் தேடவேண்டியது தங்கள் இயந்திரத்தின் ‘ஒரு பல்’ எது என்பதைத்தான்: திருத்தக்கூடிய மிகச்சிறிய படி, அல்லது வாங்குபவர் பொறுக்காத மிகச்சிறிய வித்தியாசம்.

இப்போது கணக்கு. பிரேம் ஒரு பல் நகர்ந்து 40.8-இல் ஓடுகிறது. நான்கு லீ சராசரிகள் 40.8-ஐச் சுற்றி இருபக்கமும் சமமாக விழும். நம் எல்லைக்கோடும் அதே 40.8. ஆகவே பாதிச் சராசரிகள் கோட்டுக்கு வெளியே, பாதி உள்ளே. திறன் 50 சதவீதம். முழுசாக ஒரு பல் தவறி ஓடும் பிரேமைப் பிடிப்பதில், ராப் ரீலும் மில்லிகிராம் தராசும் வைத்துச் செய்யும் இந்தச் சோதனை, காசைச் சுண்டி முடிவெடுப்பதற்குச் சமம்.

விதியை எழுதியவர் இதை உணர்ந்திருக்க வாய்ப்பில்லை. ‘ஒரு பல் வித்தியாசம் 0.8, அதனால் எல்லையையும் 0.8 என்று வைப்போம்’ என்று நினைத்திருப்பார். கேட்க நியாயமாக இருக்கிறது. பிடிக்கவேண்டிய நகர்வின் மேலேயே எல்லைக்கோட்டைப் போட்டால் திறன் எப்போதும் பாதிதான் வரும், எத்தனை லீ எடுத்தாலும்.

எல்லையை நகர்த்திப் பார்த்தால்

உடனே தோன்றும் தீர்வு எல்லையைச் சுருக்குவது. நான்கு லீயையே வைத்துக்கொண்டு எல்லையை 39.6 முதல் 40.4 வரை என்று இறுக்கினால், ஒரு பல் நகர்வைப் பிடிக்கும் திறன் 84 சதவீதமாக ஏறிவிடும். ஆனால் எல்லை இப்போது ஒரே ஒரு திட்டப்பிழை. சரியாக ஓடும் பிரேம்களில் 32 சதவீதத்தைத் தப்பு என்று சொல்வோம். முப்பது பிரேம் உள்ள ஆலையில் தினம் ஒன்பது பத்துப் பொய்க் கூப்பாடு. மூன்றாம் நாள் பிட்டர் ஆய்வுக்கூடத்துச் சீட்டை மதிக்கமாட்டார்.

எல்லையை அகட்டினால்? கட்டுப்பாட்டு வரைபடங்களில் வழக்கமான மூன்று திட்டப்பிழை எல்லையை வைப்போம், 38.8 முதல் 41.2 வரை. பொய்க் கூப்பாடு ஆயிரத்தில் மூன்றுக்கும் குறைவு. ஒரு பல் நகர்வைப் பிடிக்கும் திறனோ 16 சதவீதம். பதினான்காம் பிரேம் ஒரு பல் தள்ளி ஓடினால் ஆறில் ஐந்து தடவை ‘சரி’ என்று எழுதுவோம்.

லீயின் எண்ணிக்கை அப்படியே இருக்க, ஒரு பிழையைக் குறைத்தால் மற்றது ஏறும். இரண்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டுமென்றால் அதிக லீ எடுக்கவேண்டும், அல்லது லீக்கு லீ ஆடும் 0.8-ஐயே பஞ்சு, கார்டிங், டிரா பிரேம் வேலையால் குறைக்கவேண்டும். இரண்டாவது வழி மெதுவானது, ஆனால் அதுதான் நிலைத்து நிற்பது.

முதல் வழியைப் பார்ப்போம். ஆல்ஃபாவை 4.6 சதவீதத்திலேயே நிறுத்திக்கொண்டு, ஒன்பது பாபினிலிருந்து ஒன்பது லீ எடுத்தால் திட்டப்பிழை 0.27, எல்லை நாற்பதிலிருந்து 0.53. ஒரு பல் நகர்வுக்குத் திறன் 84 சதவீதம். பதினாறு லீ எடுத்தால் எல்லை 0.4, திறன் 98 சதவீதம். நான்கிலிருந்து ஒன்பதுக்குப் போனபோது 34 புள்ளி ஏறியது. ஒன்பதிலிருந்து பதினாறுக்குப் போக ஏழு லீ கூடுதலாகச் சுற்றியும் 14 புள்ளிதான் கிடைத்தது. நான் என்றால் ஒன்பதில் நிறுத்திக்கொள்வேன். ராப் ரீல் ஒரே சமயத்தில் பல பாபின்களைச் சுற்றுவதால் ஒன்பது லீக்கு ஆகும் கூடுதல் வேலை எண்ணிக்கை காட்டும் அளவுக்குப் பெரிதில்லை. கூடுவது எடைபோடும் நேரம்தான்.

உங்கள் ஆலையின் எண்களைப் போட்டுப் பார்க்க எக்செல்லில் ஒரு வரி போதும். A2-இல் பிடிக்கவேண்டிய நகர்வு, B2-இல் லீயின் திட்டவிலக்கம், C2-இல் லீயின் எண்ணிக்கை. எல்லை இரண்டு திட்டப்பிழை என்ற கணக்கில் திறன் கிடைக்கும்:

```
=1-NORM.S.DIST(2-A2*SQRT(C2)/B2,TRUE)
```

0.8, 0.8, 4 என்று போட்டால் 0.5 வரும். 4-ஐ 9 ஆக்கினால் 0.84. B2-க்கு நீண்டகாலப் பதிவேட்டிலிருந்து எடுத்த திட்டவிலக்கத்தைப் போடவேண்டும், அன்றன்று எடுத்த நான்கு லீயிலிருந்து கணக்கிட்டதை அல்ல. நான்கு எண்ணிலிருந்து வரும் திட்டவிலக்கம் தானே தாறுமாறாக ஆடும். அதை நம்பிச் சோதித்தால் எல்லையை இரண்டு திட்டப்பிழைக்குப் பதில் 3.18 என்று வைத்தால்தான் ஆல்ஃபா 5 சதவீதத்தில் நிற்கும். ஏற்கெனவே பாதியாக இருக்கும் திறன் அதற்கும் கீழே போய்விடும்.

பொய்க் கூப்பாட்டின் விலை

முதல்வகைப் பிழையைச் சிறிய தொந்தரவு என்றே பலர் நினைக்கிறார்கள். பிட்டர் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போய்விட்டால் அது சிறியதுதான். பார்க்காமல் பினியனை மாற்றிவிட்டால்? நாற்பதில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பிரேம், நான்கு மெல்லிய லீயின் பேச்சைக் கேட்டு ஒரு பல் தடிப்பாக்கப்பட்டு, 39.2-க்குப் போகிறது. இல்லாத கோளாறைத் திருத்தப்போய் உள்ள கோளாறை உண்டாக்கிவிட்டோம். இனி அந்தக் கோளாறைப் பிடிக்க நம்மிடம் இருப்பது 50 சதவீதத் திறனுள்ள அதே சோதனை. ஒரு முதல்வகைப் பிழை இப்படி வரிசையாக இரண்டாம்வகைப் பிழைகளைப் பெற்றுப்போடும்.

அதற்கான பாதுகாப்பு எளிது. எல்லை தாண்டியதும் பினியனைத் தொடக்கூடாது. முதலில் அந்தப் பிரேமுக்குப் போகும் ரோவிங்கின் ஹேங்கையும் அதற்கு முன்னே டிரா பிரேம் ஸ்லைவரையும் எடைபோடவேண்டும். அங்கே சரியாக இருந்து, புதிதாக எடுத்த லீகளும் அதே பக்கம் தள்ளினால்தான் பினியன்.

இரண்டாம்வகைப் பிழையின் விலை ஆலைக்குள் தெரியாது, வெளியே போய்த்தான் தெரியும். ஆயிரம் ஸ்பிண்டில் பிரேம் நாற்பதாம் நம்பரில் நாளொன்றுக்கு முந்நூறு கிலோவுக்கு மேல் நூல் கொடுக்கும். நூலை எடைக்குத்தான் விற்கிறோம். 39.2-இல் ஓடினால் வாங்கியவருக்கு கிலோவுக்கு 2 சதவீத நீளம் குறையும். 40.8-இல் ஓடினால் நூல் மெலிந்து தறியில் அதிகம் அறும். இவை இரண்டையும்விட மோசம், இரண்டு பிரேம்களின் நூலும் ஒரே லாட்டில் கலந்துவிடுவது. பின்னல் துணியில் சாயம் ஏறியபிறகு பட்டை பட்டையாகத் தெரியும். அந்தப் புகார் வரும்போது நூல் ஆலையை விட்டுப் போய் வாரக்கணக்காகியிருக்கும்.

தினமும் சோதிக்கிறோமே, இன்று தப்பினால் நாளை பிடிபடும் என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான். 50 சதவீதத் திறனில் இரண்டு நாளும் தப்ப நாலில் ஒரு வாய்ப்பு, மூன்று நாளும் தப்ப எட்டில் ஒரு வாய்ப்பு. அந்த எட்டில் ஒன்று நடந்தால் ஏறக்குறைய ஒரு டன் தவறான நூல் கோனாகிப் பெட்டிக்குள் போயிருக்கும்.

எல்லைக்கு வெளியே வந்தவற்றில் எத்தனை உண்மை?

ஆல்ஃபா 4.6 சதவீதம் என்றால், பிட்டரைக் கூப்பிட்ட நூறு தடவையில் ஏறக்குறைய ஐந்துதான் வீண் என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. 4.6 சதவீதம் சரியான பிரேம்களின் பங்கு, கூப்பாடுகளின் பங்கு அல்ல.

முப்பது பிரேமில் மூன்று உண்மையிலேயே ஒரு பல் நகர்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்கு லீ சோதனை அந்த மூன்றில் சராசரியாக ஒன்றரையைப் பிடிக்கும். மீதி 27 சரியான பிரேம்களில் 4.6 சதவீதம், அதாவது ஒன்றேகால், வீணாகக் கூப்பிடும். ஆக வரும் கூப்பாடுகளில் ஏறத்தாழ பாதி பொய். ஒன்பது லீ எடுத்தால் வீண் கூப்பாடு அதே ஒன்றேகால்தான், ஆனால் உண்மையான கூப்பாடு இரண்டரை. மூன்றில் இரண்டு பங்கு உண்மையாகிவிட்டது. திறனைக் கூட்டுவது தவறவிட்டதைப் பிடிப்பதற்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஆல்ஃபாவைத் தொடாமலேயே, பிட்டர் கையில் வரும் சீட்டின் நம்பகத்தன்மை உயர்ந்திருக்கிறது.

அடித்துத் திருத்திய வரி

இனி ஒன்பதாம் பிரேமின் வரிக்கு வருவோம். சராசரி 40.91, எல்லைக்கு வெளியே. உடனே ‘மறு’, இன்னொரு நான்கு லீ. அது 40.32. முதல் எண்ணை அடித்துவிட்டுச் ‘சரி’. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. பல ஆலைகளில் எழுதாத வழக்கம் இது: தப்பு வந்தால் இன்னொரு தடவை பார், மறுபடியும் தப்பு வந்தால்தான் நடவடிக்கை.

இந்த வழக்கம் விதியையே மாற்றிவிடுகிறது. பிரேமைத் தப்பு என்று சொல்ல இனி இரண்டு சோதனையும் தோற்கவேண்டும். சரியான பிரேம் இரண்டு தடவையும் தோற்க வாய்ப்பு 0.046-ஐ 0.046-ஆல் பெருக்கினால் வரும் 0.2 சதவீதம். பொய்க் கூப்பாடு அடியோடு நின்றுவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. ஒரு பல் நகர்ந்த பிரேம் இரண்டு தடவையும் பிடிபட வாய்ப்பு பாதியில் பாதி, 25 சதவீதம். நகர்ந்த நான்கு பிரேமில் மூன்று ‘சரி’ என்று போகின்றன. நிம்மதி பதிவேட்டில் தெரிகிறது, இந்த மூன்று எங்கும் எழுதப்படுவதில்லை.

அதே எட்டு லீயை முதலிலேயே எடுத்து ஒரே சராசரியாகப் பார்த்திருந்தால் திறன் 80 சதவீதம். உழைப்பு ஒன்றுதான். ஒன்பதாம் பிரேமின் இரண்டு சராசரியையும் கூட்டிப் பார்த்தால் 40.62 வருகிறது. எட்டு லீக்கான எல்லை நாற்பதிலிருந்து 0.57. அடித்த எண்ணைத் தூக்கியெறியாமல் சேர்த்துக்கொண்டிருந்தால் இந்தப் பிரேம் எல்லைக்கு வெளியே நிற்கிறது. முதல் நான்கைப் பார்த்தபிறகுதான் அடுத்த நான்கை எடுத்தார்கள் என்பதால் இந்த எல்லை இங்கே துல்லியமாகப் பொருந்தாது. ஆனாலும் ‘சரி’ என்று எழுதும் அளவுக்கு இது சரியில்லை.

மறுசோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. பாபின் சரியாகச் சுற்றவில்லை, தராசு பூச்சியத்தில் இல்லை என்று கண்ணால் கண்ட காரணம் இருந்தால் முதல் எண்ணைத் தள்ளலாம். அந்தக் காரணத்தைப் பதிவேட்டில் எழுதவேண்டும். காரணம் இல்லையென்றால் இரண்டையும் கூட்டவேண்டும். தோற்றவருக்கு மட்டும் மறுதேர்வு வைக்கிறோம் என்பதையும் பாருங்கள். 40.77 வந்த பதினான்காம் பிரேமுக்கு யாரும் ‘மறு’ போடவில்லை. அது எல்லைக்கு 0.03 உள்ளே. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பதினான்காம் பிரேமைப் பற்றி நேர்மையாக என்ன சொல்லலாம்? நாற்பதில் ஓடும் பிரேமிலும் இவ்வளவு தள்ளிய சராசரி நூற்றில் ஐந்து ஆறு தடவை வரும். 40.8-இல் ஓடும் பிரேமில் எல்லைக்குள் விழும் சராசரி பாதித் தடவை வரும். ஆக ‘சரி’ என்ற சொல்லுக்கு இங்கே இருக்கும் பொருள், பிடிக்கும் அளவுக்குச் சாட்சி கிடைக்கவில்லை என்பது மட்டுமே. நாற்பது என்று நிரூபணமாகவில்லை. நான் அந்த மேசையில் இருந்தால் வேறு ஐந்து பாபினிலிருந்து ஐந்து லீ எடுத்து, ஒன்பதையும் சேர்த்துப் பார்ப்பேன்.

வேறு ஐந்து பாபின் என்றேன்

நான்கின் வர்க்கமூலம் இரண்டு, ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று என்ற கணக்கெல்லாம், லீகள் ஒன்றையொன்று சாராதவை என்றால்தான் செல்லும். அவசரத்தில் ஒரே பாபினைச் செருகி அதிலிருந்தே நான்கு லீ சுற்றிவிடுவது உண்டு. அந்த நான்கும் ஒரே ஸ்பிண்டில், ஒரே ரோவிங். ஒன்று மெல்லிசாக இருந்தால் மற்றவையும் பெரும்பாலும் மெல்லிசாகவே இருக்கும். பதிவேட்டில் நான்கு என்று இருக்கும், சாட்சியின் கனம் ஒன்றுக்குச் சற்று மேல்தான். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நான்கு எண்களும் தினமும் சந்தேகப்படும் அளவுக்கு நெருக்கமாக இருந்து, சராசரி மட்டும் நாளுக்கு நாள் கன்னாபின்னாவென்று ஆடினால், பாபின்களை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். பிரேமின் இரண்டு பக்கமும், முனையிலும் நடுவிலும் பிரித்து எடுக்கவேண்டும்.

லீயைக் கூட்டித் தீர்க்கமுடியாத கோளாறு ஒன்றும் இருக்கிறது. பருத்தி ஈரம் இழுக்கும். மழை நாளில் பிரேமிலிருந்து எடுத்து நேரே எடைபோட்டால் நூல் கனமாக இருக்கும். ஈரத்தால் எடை ஒரு சதவீதம் கூடினால் கவுண்ட் 0.4 குறைந்து தெரியும், அரைப்பல் அளவுக்கு. பதினாறு லீ எடுத்தால் எல்லையே நாற்பதிலிருந்து 0.4 என்று பார்த்தோம். அன்றைக்குச் சரியாக ஓடும் பிரேம்களில் பாதி தடிப்பு என்று சீட்டு வாங்கும். மெலிந்து ஓடும் பிரேம் ஈரத்தின் புண்ணியத்தில் தேறிவிடும். பினியனைப் பற்றிப் பேசுமுன், ஒரே வேளையில் எல்லாப் பிரேமும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பதிவேட்டில் பாருங்கள். அப்படிச் சாய்ந்திருந்தால் கோளாறு பிரேமில் இருக்க வாய்ப்பு குறைவு. ஈரப்பதம் 65 சதவீதத்தில் நிற்கும் ஆய்வுக்கூடத்தில் பாபின்களைச் சில மணி நேரம் விட்டுவைத்து, பிறகு சுற்றி எடைபோடுங்கள்.